பனி வழுக்கி விழும் என்று நம்பிக் கைமரத்தைச் சன்னமாக்காதீர்கள்: பனிச்சுமை, கூரைச் சரிவு, மர அளவு பற்றிய முழு வழிகாட்டி

ஒன்ராறியோவில் பாரிக்கு வடக்கே என் மச்சான் ஒருவர் வீட்டோடு ஒட்டாத கராஜ் ஒன்று கட்டத் தொடங்கியபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "சரிவைக் கூட்டினால் ஸ்நோ தானா வழுக்கி விழுந்திடும்தானே, பிறகு ஏன் தடிச்ச மரம் போடச் சொல்றீங்கள்?" கையில் ரொறன்ரோவில் யாரோ கட்டிய கராஜின் வரைபடம், அதில் 2×6 கைமரம் என்று போட்டிருந்தது. அதே மரத்தை அங்கேயும் போட்டுவிடலாம் என்பது அவர் நினைப்பு.

அந்தக் கேள்விக்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. கூரையில் எவ்வளவு பனி நிற்கும் என்பது ஒன்று, நிற்கிற பனி எப்போது எங்கே விழும் என்பது இன்னொன்று. சரிவு இரண்டையும் தொடுகிறது, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. அவருடைய கராஜையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகிறேன். அகலம் 7.2 மீட்டர் (24 அடிக்குக் கொஞ்சம் குறைவு), நீளம் 9 மீட்டர், நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சரிவு. ஆகவே ஒவ்வொரு கைமரமும் கிடைமட்டமாக 3.6 மீட்டர் தாண்டுகிறது.

இது ஒவ்வொரு கைமரத்தையும் வெட்டி ஏற்றும் கூரைக்கான வழிகாட்டி. தொழிற்சாலையில் செய்து லாரியில் வருகிற டிரஸ் வாங்கினால் கணக்கை அவர்களுடைய பொறியாளர் போட்டுக் கொடுப்பார், நீங்கள் ஊரின் பனிச்சுமையைச் சரியாகச் சொன்னால் போதும்.

முதலில்: உங்கள் ஊரின் எண்

பனியை ஆழத்தால் அளந்து பழகிவிட்டோம், கூரைக்கு அது உதவாது. புதிதாக விழுந்த பஞ்சுப் பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கும், சில வாரம் கிடந்து அமுங்கினால் 200 முதல் 300 வரை போகும், மார்ச்சில் மழை குடித்து ஊறினால் 400ஐயும் தாண்டும். அரை மீட்டர் ஆழம் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோவாகவும் இருக்கலாம், 200 கிலோவாகவும் இருக்கலாம். அதனால்தான் கட்டட விதி ஆழத்தை விட்டுவிட்டு அழுத்தத்தில் பேசுகிறது. 1 கிலோபாஸ்கல் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கனடாவின் கட்டட விதியில் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு எண்கள் உண்டு. Ss என்பது தரையில் சேரக்கூடிய பனியின் சுமை, எந்த ஓர் ஆண்டிலும் 50க்கு ஒரு பங்கு வாய்ப்புள்ள அளவு. Sr என்பது அந்தப் பனிமேல் பெய்து அதற்குள் ஊறும் மழையின் சுமை. ரொறன்ரோ நகருக்கு நீண்ட காலமாகப் பயன்பட்ட எண்கள் 0.9, 0.4 கிலோபாஸ்கல். மச்சானின் பக்கத்துக்குக் கணக்கில் 2.5, 0.4 எடுத்துக்கொண்டோம். ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் தரைப்பனி கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது, காரணம் ஜோர்ஜியன் விரிகுடா: குளிர்காற்று திறந்த நீரின் மேல் வந்து ஈரத்தை அள்ளி நேராக அந்த ஊர்களின் மேல் கொட்டுகிறது. விதியின் பதிப்பு மாறும்போது எண்களும் மாறுவதுண்டு, ஆகவே உங்கள் நகரசபைக் கட்டட அலுவலகத்தில் இந்த இரண்டு எண்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தொலைபேசி அழைப்புதான்.

தரைப்பனியைக் கூரைப்பனியாக மாற்றுவது

கூரையில் தரையளவு பனி நிற்பதில்லை, காற்று ஒரு பகுதியை அள்ளிக்கொண்டு போகும். வீடு, கராஜ் போன்ற சின்ன மரக் கட்டடங்களுக்கு விதியின் பகுதி 9 ஒரு சுலபமான சூத்திரம் தருகிறது:

```
S = Cb × Ss + Sr
```

S கூரையின் பனிச்சுமை, Cb தரைப்பனியில் கூரையில் நிற்கும் பங்கு. கூரையின் முழு அகலம் 4.3 மீட்டருக்கு மேற்படாவிட்டால் Cb 0.45, மற்றதற்கெல்லாம் 0.55. விடை எவ்வளவு சின்னதாக வந்தாலும் 1 கிலோபாஸ்கலுக்குக் கீழே போகக்கூடாது.

மச்சானுக்கு: 0.55 × 2.5 + 0.4 = 1.775. 1.8 என்று வைத்துக்கொள்வோம். ரொறன்ரோ வரைபடத்துக்கு: 0.55 × 0.9 + 0.4 = 0.895, குறைந்தபட்ச விதிப்படி 1.0. ஆக அதே கராஜ், அதே அகலம், சுமை மட்டும் 1.8 மடங்கு. 7.2 × 9 மீட்டர் கூரையில் 1.8 கிலோபாஸ்கல் என்றால் 12 டன் வரும். பத்துக் கார்களைக் கூரையில் ஏற்றி நிறுத்திவைப்பதுபோல.

இந்தச் சூத்திரத்தில் சரிவு எங்கே? இல்லவே இல்லை. 4/12 சரிவானாலும் 12/12 சரிவானாலும் பகுதி 9இல் ஒரே விடைதான். (4/12 என்றால் 12 அங்குலம் கிடையாகப் போகும்போது 4 அங்குலம் ஏறும் சரிவு, கோணத்தில் 18 பாகை. 8/12 சுமார் 34 பாகை, 12/12 சரியாக 45.) மச்சானுக்கு இதைக் காட்டியபோது விதி எழுதினவர்களுக்குப் புத்தி இல்லையா என்றுதான் கேட்டார். சரிவுக்கான கணக்கு இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தச் சுமை கூரையின் சாய்ந்த பரப்புக்கு அல்ல, மேலிருந்து பார்த்தால் தெரியும் கிடைப்பரப்புக்குத்தான். வானத்திலிருந்து விழுகிற பனிக்கு உங்கள் கூரையின் அகலம் 7.2 மீட்டர்தான், சரிவைக் கூட்டினாலும் அது மாறாது. கைமர அட்டவணைகளில் உள்ள நீளமும் அப்படியே, தாங்கிகளுக்கு இடையிலான கிடைத் தூரம். 12/12 சரிவில் மரத்தின் உண்மையான நீளம் 5.1 மீட்டர் வரும், கடையில் அதைத்தான் வாங்க வேண்டும், ஆனால் அட்டவணையில் தேட வேண்டியது 3.6. இதைக் குழப்பி 5.1க்குத் தேடித் தேவையில்லாமல் பெரிய மரம் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கைமரத்தின் அளவு

மரம் முறிவதற்கு முன்னால் தொய்யும். இந்த மாதிரிக் கூரைகளில் பெரும்பாலும் தொய்வுதான் முதலில் எல்லையைத் தொடுகிறது, அதனால் அதையே வைத்துக் காட்டுகிறேன்.

கடையில் 2×6 என்று விற்கிற மரம் உண்மையில் 38 × 140 மில்லிமீட்டர். 2×8 என்பது 38 × 184, 2×10 என்பது 38 × 235. தொய்வைத் தடுக்கும் விறைப்பு, உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 140இலிருந்து 184க்குப் போனால் உயரம் மூன்றில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, விறைப்போ 2.27 மடங்கு. அதே மரத்தை இரட்டையாக வைத்து ஆணியடித்தால் இரண்டு மடங்குதான். ஆகவே தடிப்பைவிட உயரத்துக்குக் காசு செலவழிப்பது எப்போதும் லாபம்.

கணக்கு இது:

```
δ = 5 × w × L⁴ / (384 × E × I)
```

δ நடுவில் வரும் தொய்வு. w என்பது ஒரு கைமரத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் வருகிற பனி. கைமரங்களை 400 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வைத்தால் 1.8 × 0.4 = 0.72 கிலோநியூட்டன். L 3.6 மீட்டர். E மரத்தின் நெகிழ்வுக் கெழு, இங்கே கடைகளில் கிடைக்கும் ஸ்புரூஸ்-பைன்-ஃபர் இரண்டாம் தரத்துக்கு 9,500 மெகாபாஸ்கல். I குறுக்குவெட்டின் நிலைமத் திருப்பம், அகலத்தை உயரத்தின் மும்மடியால் பெருக்கி 12ஆல் வகுத்தால் வருவது.

விடைகள்: 2×6 போட்டால் நடுவில் 19 மில்லிமீட்டர் தொய்வு, 2×8 போட்டால் 8.4, 2×10 போட்டால் 4.

எவ்வளவு தொய்யலாம் என்பது கைமரத்துக்கு அடியில் என்ன ஒட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்றும் ஒட்டாமல் திறந்தே விட்டால் நீளத்தில் 180இல் ஒரு பங்கு, அதாவது 20 மில்லிமீட்டர். ஜிப்சம் பலகையைக் கைமரத்திலேயே அடித்துச் சாய்ந்த சீலிங் செய்தால் 360இல் ஒரு பங்கு, 10 மில்லிமீட்டர். பலகை விறைப்பானது, மரம் தொய்ந்தால் அது வெடிக்கும், அதனால்தான் இந்தக் கடுமை. இப்போது பாருங்கள், 2×6 திறந்த கூரையில் மயிரிழையில் தப்புகிறது, பலகை அடித்த கூரையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாண்டிவிடுகிறது. 2×8 இரண்டிலும் நிற்கிறது. ஆனால் அதே 2×8ஐ 600 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அகட்டி வைத்தால் தொய்வு 12.6 ஆகிப் பலகை அடிக்க முடியாமல் போகும். மச்சானுக்கு மேலே ஓர் அறை வேண்டுமாம், பலகை அடிக்கப்போகிறார். ஆகவே 2×8, 400க்கு ஒன்று.

ரொறன்ரோ வரைபடத்தின் 2×6ஐ அங்கத்தைய 1.0 சுமையில் போட்டால் திறந்த கூரைக்கு 10.6 மில்லிமீட்டர்தான், எல்லையில் பாதி. அங்கே அது சரியான மரம். வரைபடத்தில் பிழை இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு வடக்கே போனதுதான் பிழை.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். இது பனியால் மட்டும் வருகிற தொய்வு, அதுவும் கைக்கணக்கு. அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது விதியிலுள்ள அட்டவணையிலிருந்துதான் அளவைக் காட்ட வேண்டும், அது வலிமையையும் சேர்த்தே பார்த்திருக்கும். அட்டவணையில் உங்கள் சுமைக்கு நேரான பத்தி இல்லாவிட்டால் அடுத்த பெரிய சுமையின் பத்தியைப் பாருங்கள். 1.8க்கு 2.0.

சரிவு உண்மையில் வேலை செய்யும் இடம்

சரிவு கைமரத்தின் வளைவைக் குறைக்கவில்லை. ஆனால் சுவரைத் தள்ளும் உதைப்பை மிகவும் மாற்றுகிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை, ஆனால் பனியில் கூரை விழுந்தது என்று சொல்லப்படுகிற பல இடங்களில் கைமரம் முறிந்திருக்காது, சுவர்தான் விலகியிருக்கும்.

இரண்டு கைமரங்கள் முகட்டில் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கின்றன. நடுவில் வெறும் முகட்டுப் பலகைதான், கீழே தூண் இல்லை. மேலே பாரம் ஏறினால் கால்கள் இரண்டும் வெளியே வழுக்கப் பார்க்கும், ஏணியை அகட்டி வைத்து அதில் ஏறி நிற்பது மாதிரி. ஒரு சோடிக் கைமரத்தின் உதைப்பு:

```
H = w × B² / (8 × h)
```

B கட்டடத்தின் முழு அகலம், h சுவரின் உச்சியிலிருந்து முகட்டின் உயரம். w இல் இப்போது கூரையின் சொந்தப் பாரத்தையும் சேர்க்க வேண்டும். 1.8 பனியோடு 0.5 கூரைப் பாரம் சேர்த்து 400 மில்லிமீட்டருக்குக் கணக்கிட்டால் 0.92 வருகிறது. (சரிவு கூடும்போது சொந்தப் பாரம் கொஞ்சம் கூடும், இப்போதைக்கு விட்டுவிடுவோம்.)

4/12 சரிவில் முகடு 1.2 மீட்டர் உயரம், உதைப்பு 5 கிலோநியூட்டன், அதாவது ஒவ்வொரு 400 மில்லிமீட்டருக்கும் 500 கிலோ சுவரை வெளியே தள்ளுகிறது. 8/12இல் அது பாதி, 2.5. 12/12இல் 1.7. சுமை மாறவில்லை, மரம் மாறவில்லை, உதைப்பு மட்டும் மூன்றில் ஒன்றாகிறது.

இந்த உதைப்பைப் பிடித்துவைப்பது சுவரிலிருந்து சுவருக்குப் போகும் குறுக்குக் கட்டை, இங்கே சீலிங் ஜாயிஸ்ட் என்பார்கள். அது கைமரத்தின் காலோடு சேருமிடத்தில் உள்ள ஆணிகள்தான் மொத்த உதைப்பையும் தாங்குகின்றன. அதனால்தான் விதியில் அந்த மூட்டுக்குத் தனி ஆணி அட்டவணை: சரிவு குறையக் குறைய, பனி கூடக் கூட ஆணிகளின் எண்ணிக்கை ஏறும். மூன்று ஆணி அடித்துவிட்டு ஏணியை விட்டு இறங்குகிற பழக்கம் 4/12 கூரையில் வடக்கே செல்லாது. சரிவு 4/12க்கும் கீழே போனால் விதி இந்த முறையையே ஏற்பதில்லை. முகட்டுக்கு அடியில் சுவரோ உத்திரமோ வைத்து அதை நேராகத் தாங்கவேண்டும்.

குறுக்குக் கட்டையை மேலே தூக்கி வைக்கிற ஆசை எல்லோருக்கும் வரும், அறைக்கு உயரம் கிடைக்குமே. கால்மட்டத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு ஏற்றினால் கட்டையில் வரும் இழுப்பு ஒன்றரை மடங்காகிறது, அதோடு கட்டைக்குக் கீழே உள்ள கைமரத் துண்டு தனியாக வெளியே வளைகிறது. மச்சானும் இதைத்தான் கேட்டார். உயரம் வேண்டுமென்றால் முகட்டில் உண்மையான உத்திரம் போட்டு இரண்டு முனையிலும் தூண் வையுங்கள், அப்போது கைமரம் மேலே தொங்கிக்கொள்ளும், சுவரை உதைக்காது என்று சொன்னேன். விலையைக் கேட்டதும் குறுக்குக் கட்டை கால்மட்டத்துக்கே இறங்கி வந்துவிட்டது. அந்தக் கட்டையிலேயே மேல் அறைக்குத் தளமும் போடப்போவதால் அதன் அளவைத் தளச் சுமைக்குத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது, அது வேறு கணக்கு.

இப்போது வழுக்கல்

பனி குளிராக இருக்கும்போது கூரையோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் மெல்லிய நீர்ப்படலம் உண்டானால்தான் நகரும். வெயில், கீழேயிருந்து கசியும் சூடு, மழை, இவற்றில் ஒன்று வேண்டும். தகரக் கூரையில் அந்தப் படலம் கிடைத்ததும் மொத்தப் பனியும் ஒரே தடவையில் இறங்கும். ஷிங்கிளின் மேல் மணற்பருக்கை மாதிரிச் சொரசொரப்பு இருக்கிறது, அங்கே நீர்ப்படலம் வந்தாலும் பிடி விடுவதில்லை.

விதியில் பெரிய கட்டடங்களுக்கான பகுதி 4 இதை ஓர் எண்ணாக வைத்திருக்கிறது, பெயர் Cs. சாதாரணக் கூரைக்கு 30 பாகை வரை அது 1.0, அதாவது ஒரு சலுகையும் இல்லை. அதற்கு மேல் 70 பாகை வரை, கூரையின் கோணம் α என்றால்:

```
Cs = (70 − α) / 40
```

தடையில்லாத வழுக்கும் கூரைக்கு 15 பாகையிலேயே சலுகை தொடங்கி 60 பாகையில் சுழியாகிறது:

```
Cs = (60 − α) / 45
```

மூன்று சரிவுகளையும் போட்டுப் பார்ப்போம். 4/12இல் ஷிங்கிளுக்கு 1.0, தகரத்துக்கு 0.92. 8/12இல் ஷிங்கிளுக்கு 0.91, தகரத்துக்கு 0.58. 12/12இல் ஷிங்கிளுக்கு 0.63, தகரத்துக்கு 0.33. ஆக, ஷிங்கிள் போட்ட 45 பாகைக் கூரையிலும் பாதிக்கு மேல் பனி நிற்கும் என்றுதான் விதி எதிர்பார்க்கிறது. "நல்ல சரிவு, நிற்காது" என்கிற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த Cs எண்ணை எடுத்துப் பகுதி 9இன் 0.55ஓடு பெருக்கி விடையைச் சின்னதாக்குகிறவர்கள் உண்டு. கூடாது. பகுதி 4இல் அடிப்படைக் கெழு 0.55 அல்ல, 0.8. மச்சானின் கூரையைப் பகுதி 4படி போட்டால் சலுகைக்கு முன் 0.8 × 2.5 + 0.4 = 2.4. ஷிங்கிளோடு 8/12 என்றால் 2.2. தகரத்தோடு 8/12 என்றால் 1.57, தகரத்தோடு 12/12 என்றால் 1.07. பகுதி 9 தந்தது 1.8. வழுக்கும் தகரமும் நல்ல சரிவும் இருந்தால் மட்டும் பகுதி 4 சின்ன எண்ணைத் தருகிறது, மற்ற இடங்களில் அதிகம்தான் கேட்கிறது. இரண்டு முறையிலிருந்தும் சாதகமானதை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பது கணக்கல்ல. பகுதி 4இல் போகிறவர் காற்று ஒரு பக்கப் பனியைத் தூக்கி மறுபக்கம் குவிப்பதையும் பார்த்தாக வேண்டும், அதற்குப் பொறியாளர் வேண்டும்.

"தடையில்லாத" என்ற சொல்லில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். புகைபோக்கி, குளியலறைக் காற்றுக்குழாய், இரண்டு கூரைகள் சேரும் பள்ளம், கதவுக்கு மேலே அடித்த பனித்தடுப்பு, எதுவாக இருந்தாலும் தகரம் தன் சலுகையை இழக்கிறது. இறவாரத்தில் உறைந்து நிற்கும் பனிக்கட்டியும் ஒரு தடைதான். வீட்டுச் சூடு கூரைக்கு ஏறி மேலே உள்ள பனியை உருக்க, அந்தத் தண்ணீர் சுவரைத் தாண்டிய குளிர்ந்த இறவாரத்தில் மறுபடி உறைந்து அணையாகிறது. இது ஷிங்கிளில் அதிகம், சூடு கசியும் தகரத்திலும் வரும்.

நான் நேரில் பார்த்த ஒன்று. முன்பு ஒரு வீட்டில் வேலை செய்தபோது தகரக் கூரையைச் சலுகைச் சுமைக்கு அமைத்திருந்தார்கள், இரண்டு குளிர்காலம் நன்றாக வழுக்கியது. மூன்றாவது வருடம் வாசலில் பனி விழுகிறது என்று வீட்டுக்காரர் இறவாரம் நெடுக ஒரு கம்பித் தடுப்பை அடித்துவிட்டார். அந்த மார்ச்சில் முகடு கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்தது, மேல்மாடிக் கதவுகள் சட்டத்தில் உரசத் தொடங்கின. யாரும் மரத்தைத் தொடவில்லை, கூரையின் வகைதான் ஒரே நாளில் மாறிவிட்டது. தடுப்புக்கும் சுமை உண்டு என்பதையும் மறக்கக்கூடாது: 8/12இல் 2.2 கிலோபாஸ்கல் பனியை அப்படியே நிறுத்திவைத்தால், உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், இறவாரத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 440 கிலோ கீழ்நோக்கி இழுக்கும். தகரத்தில் மட்டும் திருகிய திருகாணி அதற்குப் போதாது, பெரும்பாலும் பல வரிசைகளாகப் பிரித்து அடியில் உள்ள மரத்தில் பிடிக்கவேண்டும்.

விழுகிற பனி எங்கே போகும்

நன்றாக அமுங்கிய 30 சென்டிமீட்டர் பனி, கன மீட்டருக்கு 250 கிலோ என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு 75 கிலோ. ஒரு பக்கச் சரிவின் கிடைநீளம் 3.6 மீட்டர், ஆகவே இறவாரத்தின் ஒவ்வொரு மீட்டரிலும் 270 கிலோ, 9 மீட்டர்ச் சுவருக்கு 2.4 டன். ஒரே மூச்சில். கீழே கார் நின்றால் கார், எரிவாயு மீட்டர் இருந்தால் மீட்டர், சாய்ப்புக் கூரை இருந்தால் அந்தக் கூரை. கீழே இருக்கும் சாய்ப்புக்கு அதன் சொந்தப் பனியோடு இந்த இரண்டாவது பனியையும் கூட்டிக் கணக்கிட வேண்டும், அதுவும் மேலிருந்து மோதி விழுகிற பனி.

மச்சானின் நிலத்தில் ஒரு பக்கம் எல்லைவேலிக்கும் சுவருக்கும் இடையே 1.2 மீட்டர்தான். விழுந்து நசுங்கிய பனி கன மீட்டருக்கு 400 கிலோ என்றால் ஒவ்வொரு முறை விழும்போதும் அந்தச் சந்தில் 56 சென்டிமீட்டர் உயரம் சேரும். நான்கு முறை விழுந்தால் இரண்டேகால் மீட்டர், சுவரே 2.4 மீட்டர்தான். குவியல் இறவாரத்தைத் தொட்டதும் வழுக்கல் நின்றுவிடும், அதற்குப் பிறகு பெய்வதெல்லாம் கூரையிலேயே. தடையில்லாத கூரை என்று எழுதிக் கொடுத்த கணக்கு பெப்ரவரியில் பொய்யாகிவிடும்.

இன்னொன்று, தெற்குப் பக்கம் வெயிலில் முழுதாக இறங்கிவிட்டு வடக்குப் பக்கம் அப்படியே நிற்கும் நாட்கள் வரும். அப்போது பாரமான பக்கம் முகட்டை வெறுமையான பக்கம் தள்ளுகிறது. கூரைப் பனியை வெட்டி இறக்கும்போது ஒரு பக்கத்தை முழுதாகச் சுத்தம் செய்துவிட்டு மறுபக்கத்தை நாளைக்கு என்று விடாதீர்கள், இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

குளிர்காலத்தின் நடுவில் கூரையில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய

ஆழம் பார்த்து ஊகிக்க வேண்டாம். ஏணியில் நின்றபடி எட்டுகிற இடத்தில் 30 × 30 சென்டிமீட்டர்ச் சதுரமாக, மேலிருந்து கூரைவரை ஒரு பனித்தூணை வெட்டிக் குப்பைப் பையில் போடுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற கைத்தராசு நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும், அதில் தொங்கவிடுங்கள். கிலோவை 11ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான பாரம். 14 கிலோ வந்தால் 154, அதாவது ஒன்றரை கிலோபாஸ்கல். மச்சானின் 1.8 கூரையில் அது இன்னும் எல்லைக்குள்தான், ஆனால் பெருமழை வருகிறது என்று வானிலை சொன்னால் அன்றைக்கே கொஞ்சம் இறக்கிவிடலாம். இறவாரத்துப் பனி நடுவில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கலாம், காற்று மறைவான பக்கத்தில்தான் வெட்டிப் பாருங்கள்.

தராசு இல்லாமலும் கூரை சொல்லும். திடீரென்று இறுகுகிற கதவு, சீலிங் பலகையின் இணைப்பில் புதிய விரிசல், முகட்டுக்கோட்டில் குழி, கைமரக் காலில் ஆணித்தலைக்கும் மரத்துக்கும் இடையே புதிதாகத் தெரியும் இடைவெளி. கடைசியாகச் சொன்னதைக் கண்டால் வெட்டி இறக்க மேலே ஏறாதீர்கள். எல்லோரையும் வெளியே எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மச்சான் கடைசியில் போட்டது 8/12 சரிவு, 2×8 கைமரம் 400க்கு ஒன்று, தகரக் கூரை, கணக்கு வழுக்கல் சலுகை இல்லாமல் 1.8க்கு. வேலிப்பக்கம் மட்டும் மூன்று வரிசைப் பனித்தடுப்பு, அடியில் மரத்தோடு திருகி. கார்க் கதவை முக்கோணச் சுவரின் பக்கம் திருப்பிவிட்டார், அந்தப் பக்கம் கூரையிலிருந்து பனி விழாது. மறுபக்கம் திறந்த புல்வெளி, அங்கே விழட்டும்.